சீலிங் கசிவுப் படத்தை வெட்டும்போது நேரும் தவறுகள்

குளியலறை சீலிங்கில் கறை படர ஆரம்பித்ததும் கோலாலம்பூர் கொண்டோவில் குடியிருப்பவர் கைப்பேசியை எடுத்து நாலு படம் பிடித்து நிர்வாக அலுவலகத்துக்கு அனுப்பிவிடுகிறார். அடுக்குமாடிகளுக்கான 2015ஆம் ஆண்டு விதிமுறைப்படி, புகார் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். பார்த்த 5 நாளுக்குள், கசிவுக்கு என்ன காரணம், யார் பொறுப்பு என்று படிவம் 28இல் சான்றிதழ் தர வேண்டும். ஆள் வந்து சேரும்வரை அலுவலகத்தில் இருப்பவருக்குத் தெரிவதெல்லாம் நீங்கள் அனுப்பிய படம்தான். அதில் ஹீட்டர், துண்டு, பக்கெட், ஷாம்பு பாட்டில் எல்லாம் இருக்கும். கறை மட்டும் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்குத் தெரியும். வெட்டித்தான் ஆக வேண்டும்.

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, கறையை ஒட்டியே வெட்டிவிடுவது. நான்கு ஓரமும் பழுப்பு நிறம், நடுவில் கொஞ்சம் உப்பிய பெயிண்ட். இது குளியலறையா, சமையலறையா? கதவுப் பக்கமா, குழாய்ப் பக்கமா? உள்ளங்கை அளவா, பாய் அளவா? பார்ப்பவரால் எதையும் சொல்ல முடியாது. கறையின் அகலத்தில் கால்பங்கு அளவுக்காவது நான்கு பக்கமும் இடம் விடுங்கள். அதோடு இடம் மாறாத ஒரு பொருளும் படச் சட்டத்துக்குள் வர வேண்டும்: சுவர் மூலை, விளக்கு, கழிவுநீர்க் குழாய் மேலே ஏறும் துளை, இவற்றில் ஏதாவது ஒன்று. மேல்வீட்டுக் குளியலறையும் பெரும்பாலும் நேர் மேலேயே இருக்கும் என்பதால், ‘குழாய்த் துளையிலிருந்து கதவுப் பக்கம்’ என்று தெரிந்தாலே பிளம்பருக்குப் பாதி வேலை முடிந்தது. ஒரே சட்டத்தில் இடத்தையும் கறையையும் காட்ட முடியவில்லை என்றால், அதே மூலப்படத்திலிருந்து இரண்டாக வெட்டுங்கள். ஒன்று இடத்துக்கு, ஒன்று கறைக்கு.

அளவு தெரிய ஒரு எளிய வழி, படம் எடுக்கும் முன்பே ஒரு ஏ4 தாளைக் கறைக்குப் பக்கத்தில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிடுவது. அதன் நீளம் எப்போதும் 297 மில்லிமீட்டர். வெட்டிய படத்தில் தாளின் நீளம் 600 பிக்சல், கறையின் நீளம் 900 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். கறை தாளைப்போல ஒன்றரை மடங்கு. ஏறக்குறைய 44.5 சென்டிமீட்டர். நேர் கீழே நின்று, கைப்பேசியைச் சாய்க்காமல் எடுத்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். சுவர் விரிசலுக்குத் தாள் பெரிது, 20 காசு நாணயம் போதும். 2012 முதல் வெளிவரும் நாணயத்தின் குறுக்களவு 20.6 மில்லிமீட்டர். தாளை ஒட்டிவிட்டு, வெட்டும்போது ‘அழகாக இல்லை’ என்று அதையே நீக்கிவிடுகிறவர்களும் உண்டு!

இரண்டாவது தவறு கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. தூரத்திலிருந்து எடுத்த படத்தில் சின்னப் பகுதியை வெட்டி எடுப்பது. 12 மெகாபிக்சல் படம் 4000க்கு 3000 பிக்சல். அதில் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு, உயரத்தில் பத்தில் ஒரு பங்கு வெட்டினால் கையில் இருப்பது 400க்கு 300, அதாவது மொத்தப் படத்தில் நூற்றில் ஒரு பங்கு. கைப்பேசித் திரையில் நன்றாகவே இருக்கும். அதையே புகார்க் கடிதத்தில் 16 சென்டிமீட்டர் அகலத்துக்கு இழுத்து அச்சடித்தால் அங்குலத்துக்கு 64 பிக்சல்கூட வராது. பெயிண்ட் உப்பியிருக்கிறதா, வெறும் நிழலா என்று பிரித்தறிய முடியாமல் குழைந்துவிடும். அந்த அகலத்துக்குக் குறைந்தது 950 பிக்சலாவது வேண்டும். அந்த அளவு இல்லாவிட்டால், ஸ்டூல் போட்டு ஏறிக் கிட்டத்திலிருந்து இன்னொரு படம் எடுத்துவிடுங்கள். விரலால் ஜூம் செய்து எடுத்தாலும் பெரும்பாலான கைப்பேசிகளில் லென்ஸ் மாறும் இடங்களைத் தவிர மற்றபடி அதுவும் ஒரு வெட்டுதான். புதிதாக எந்த விவரமும் சேராது.

புலனத்தில் வந்த படத்தை இறக்கி வெட்டுவதும் இதே வம்புதான். சாதாரணத் தரத்தில் அனுப்பினால் புலனம் படத்தைச் சுருக்கிவிடுகிறது. நீளப் பக்கம் 1600க்கு இறங்கியிருந்தால், மேலே சொன்ன 400 பிக்சல் துண்டு 160 ஆகிவிடும். மூலப்படத்தை வெட்டிய பிறகு ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், சுருங்காது.

சாய்ந்த படத்தை நிமிர்த்துவதாக இருந்தால் வெட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். நிமிர்த்தும்போது மூலைகள் காணாமல் போகும்; முன்பே நெருக்கமாக வெட்டியிருந்தால் ஓரத்திலிருந்த விளக்கோ தாளோ அதோடு போய்விடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, காரணத்தையே வெட்டி எறிவது. சீலிங் கசிவு வந்தால் மேல்வீட்டிலிருந்துதான் வருகிறது என்ற அனுமானத்தோடுதான் விதிமுறை ஆரம்பிக்கிறது. வேறு காரணம் நிரூபணமானால் அது மாறும். கறைக்கு ஒரு சாண் தள்ளி உங்கள் வீட்டு ஏர்கான் குழாய் போகிறது என்று வையுங்கள். அதன் மேலுறை கிழிந்து, குளிர்ந்த குழாயில் வியர்த்த தண்ணீரும் அங்கே சொட்டலாம். ‘வழக்கு பலமாக இருக்கட்டும்’ என்று குழாயைத் தவிர்த்து வெட்டினால், பார்க்க வரும் ஆள் அண்ணாந்தவுடனே அது கண்ணில் படும். அப்புறம் உங்கள் மற்றப் படங்களையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். கறையைச் சுற்றி அரை மீட்டருக்குள் எந்தக் குழாய், எந்த இணைப்பு இருந்தாலும் இடத்தைக் காட்டும் படத்தில் அது இருக்கட்டும். ஹேங்கரில் தொங்கும் துண்டைத் தாராளமாக நீக்கலாம்.

கறை வளர்வதைக் காட்ட வேண்டுமானால் அதன் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதியை எழுதி, முதல் படத்தை எடுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் நின்று இன்னொன்று. இரண்டையும் ஒரே விகிதத்தில், 4:3 என்றால் இரண்டும் 4:3இல், ஒரே சுவர் மூலை ஒரே இடத்தில் வரும்படி வெட்டி அருகருகே வையுங்கள். முதலாவதைத் தளர்வாகவும் இரண்டாவதை நெருக்கமாகவும் வெட்டினால், வளராத கறைகூட இரட்டிப்பானதுபோலத் தோன்றும். இதை வேண்டுமென்றே செய்பவர்களைவிட அறியாமல் செய்பவர்களே அதிகம்.

மூலப்படத்தின் மேலேயே வெட்டிச் சேமிக்காதீர்கள். ஐபோனில் ‘Revert’ அழுத்தினால் பழையபடி மீட்கலாம். சில செயலிகளில் மீட்க வழியே இல்லை. விவகாரம் அடுக்குமாடி நிர்வாகத் தீர்ப்பாயம்வரை போனால், எடுத்த நாளும் நேரமும் பதிந்திருக்கும் முழுப்படம்தான் கேள்விக்குப் பதில் சொல்லும்.

கடைசியாக வேர்டு. கடிதத்துக்குள் படத்தைப் போட்டு அங்கேயே வெட்டினால், வெட்டிய பகுதி மறைந்திருக்குமே தவிரக் கோப்பைவிட்டுப் போகாது. கோப்பைப் பெறுபவர் படத்தைச் சொடுக்கி ‘Crop’ ஓரத்தை இழுத்தாலே குளியலறைக் கண்ணாடியில் துண்டோடு நிற்கும் நீங்களும் திரும்பி வந்துவிடுவீர்கள். அனுப்பும் முன் படத்தைத் தேர்ந்தெடுத்து ‘Picture Format’, ‘Compress Pictures’ போய், ‘Delete cropped areas of pictures’ என்பதில் டிக் இருப்பதையும், எல்லாப் படங்களுக்கும் சேர வேண்டுமென்றால் ‘Apply only to this picture’ என்பதில் டிக் இல்லாததையும் பார்த்துவிட்டுச் சேமியுங்கள். பிறகு கோப்பை மூடித் திறந்து, ஓரத்தை நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.