ஆட்குறைப்பை ரெஸ்யூமேயில் எப்படி எழுதுவது?

ஆட்குறைப்பில் வேலை போயிருந்தால், ரெஸ்யூமேயில் அந்த வேலையின் தேதிக்குப் பக்கத்திலேயே காரணத்தையும் நாலைந்து சொல்லில் எழுதிவிடுங்கள். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருந்தவர் என்றால்: "மார்ச் 2019 – ஜூன் 2024, உற்பத்திப் பிரிவு மூடப்பட்டதால் ஆட்குறைப்பு". முதலாளியைப் பற்றிய குறை அங்கே வேண்டாம்.

காரணம் கண்ணில் பட்டுவிட்டால், படிப்பவர் தவறாக ஊகிக்க இடமில்லை. ஆனால் சொல் உங்கள் ஆட்குறைப்புக் கடிதத்தோடு ஒத்துப்போக வேண்டும், பழைய எச்.ஆருக்குப் போன் செய்து கேட்டாலும் அதே பதில்தான் வரவேண்டும். தானாக முன்வந்து விலகும் திட்டமான வி.எஸ்.எஸ். எடுத்தவர் வி.எஸ்.எஸ். என்றே போடுங்கள்.

ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கு இது பொருந்தாது. அவர் தேதியை மட்டும் சரியாகப் போட்டு, நேர்முகத்தில் கேட்டால் உள்ளதை உள்ளபடி சுருக்கமாகச் சொல்லலாம். விண்ணப்பப் பாரத்திலேயே காரணம் கேட்டிருந்தால், அங்கேயே எழுதியாக வேண்டும்.