பால் ஊற்றும் நேரத்தை மறந்த கணக்கு

ஞாயிற்றுக்கிழமைகளில் சரவணம்பட்டியில் நாலைந்து பேருக்கு மென்பொருள் வேலைக்கான மாக் இன்டர்வியூ எடுப்பேன். போன வாரம் வந்தவர் தாராபுரம் பக்கத்துத் தம்பி. கேள்வியை அவர் ஊரிலிருந்தே எடுத்தேன். பால் சொசைட்டிகளுக்கு ஒரு செயலி வேண்டும். 10 லட்சம் பேர் காலையிலும் மாலையிலும் பால் ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் லிட்டர், கொழுப்பு, தொகை எல்லாம் பதிவாக வேண்டும். சர்வருக்கு நொடிக்கு எத்தனை கோரிக்கை வரும்? ஒரு வருடத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

தம்பி கடகடவென்று போர்டில் எழுதினார்.

```
10,00,000 × 2 = 20,00,000 / day
20,00,000 ÷ 86,400 ≈ 23 / s
```

பெருக்கலும் வகுத்தலும் சரி, விடைதான் தப்பு. "வீட்டுல எருமை இருக்குதா தம்பி? அம்மா எத்தனை மணிக்குப் பால் ஊத்தப் போவாங்க?" என்று கேட்டேன்.

"காத்தால ஆறு மணிக்குங்கண்ணா. ஏழுக்கு வண்டி வந்துருமுங்க, அதுக்குள்ள ஊத்திப்போடோணும்."

சொல்லி முடித்ததும் அவரே போர்டைத் திரும்பிப் பார்த்தார். நள்ளிரவு இரண்டு மணிக்கு யாரும் பால் ஊற்றப் போவதில்லை. காலைப் பால் 10 லட்சம் பதிவும் ஒரு மணி நேரத்துக்குள், அதாவது 3,600 நொடிக்குள் வந்து விழுகிறது. நொடிக்கு சுமார் 280. சராசரியைப் போல 12 மடங்கு. பெரும்பாலானோர் சராசரியைக் கண்டுபிடித்துவிட்டு, உச்சத்துக்கு என்று வழக்கமாக இரண்டாலோ மூன்றாலோ பெருக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே மூன்றால் பெருக்கியிருந்தாலும் 70 என்றுதான் வந்திருக்கும். வேலை எந்த நேரத்தில் குவிகிறது என்று கேட்டால்தான் அந்த மடங்கு கிடைக்கும், மனப்பாடமாக வராது.

அதே சமயம், ஒரு நாளின் 86,400 நொடியை அப்படியே வைத்து வகுத்துக்கொண்டிருப்பதும் வேண்டாத வேலை. ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்கிலேயே நொடிக்கு 20 வந்துவிடும். 20-க்கும் 23-க்கும் நடுவில் எந்த முடிவும் மாறாது. 23-க்கும் 280-க்கும் நடுவில்தான் மாறும்.

அடுத்து சேமிப்பு. உறுப்பினர் எண், தேதி, வேளை, லிட்டர், கொழுப்பு, கொழுப்பு அல்லாத திடச்சத்தான எஸ்.என்.எஃப்., விலை, தொகை என்று எட்டு விவரம். ஒவ்வொன்றுக்கும் எட்டு பைட் என்றால் 64. தம்பி அதோடு நிறுத்திக்கொண்டார். டேட்டாபேஸ் ஒவ்வொரு வரிசைக்கும் தனியாகத் தலைப்புத் தகவல் வைக்கும், இன்டெக்ஸும் இடம் பிடிக்கும். அதனால் 200 பைட் என்று வைப்பதே நல்லது. ஒரு நாளைக்கு 20 லட்சம் × 200 = 40 கோடி பைட்.

நம் ஆட்கள் வழுக்குகிற இடம் இதுதான். லட்சம், கோடியில் யோசித்துவிட்டு மில்லியனுக்கும் ஜி.பி.க்கும் தாவும்போது ஒரு சைபர் எங்கேயோ விழுந்துவிடும். 10 லட்சம் ஒரு மில்லியன், 100 கோடி பைட் ஒரு ஜி.பி. இந்த இரண்டையும் போர்டின் ஓரத்தில் முதலிலேயே எழுதிவைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. 40 கோடி பைட் 0.4 ஜி.பி. வருடத்துக்கு 146 ஜி.பி., மூன்று பிரதி வைத்தால் சுமார் 440. ஒவ்வொரு பிரதியும் ஒரே மெஷினின் டிஸ்க்கில் அடங்கிவிடும். தம்பியோ கணக்கைப் போட்ட கையோடு, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இதை ஷார்டிங் பண்ணோணுமுங்க" என்றார். டேட்டாவைப் பல மெஷின்களுக்குப் பிரித்து வைப்பது எதற்கு? நொடிக்கு 280 சின்னப் பதிவை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடும் ஒரு நல்ல மெஷினே எழுதிவிடும்.

கணக்கைப் புரட்டிப்போடும் கேள்வி வேறு ஒன்று இருக்கிறது: ரசீதின் படமும் வேண்டுமா? படம் 100 கே.பி. என்றால் நாளைக்கு 200 ஜி.பி., வருடத்துக்கு 73 டி.பி. எழுத்துப் பதிவைப் போல 500 மடங்கு. அப்போது படங்களை டேட்டாபேஸில் வைக்கவே கூடாது, பெரிய கோப்புகளுக்கென்றே இருக்கும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்குத் தள்ளிவிட வேண்டும். இதைக் கேட்காமல் பைட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தால் அத்தனையும் வீண்.

கடைசியில் தம்பியே ஒன்றைப் பிடித்தார். "எங்கூர்ல டவர் போச்சுன்னா சொசைட்டி மெஷின்லயே தேக்கி வெச்சு அப்புறம் அனுப்புமுங்களே?" நல்ல கேள்வி. பத்தில் ஒரு பங்கு சொசைட்டிகளுக்குக் காலையில் நெட் போய்விட்டால் 1 லட்சம் பதிவு தேங்கும். நெட் வந்ததும் ஒரே நிமிடத்தில் கொட்டினால் நொடிக்கு சுமார் 1,700. உச்சத்துக்கும் ஆறு மடங்கு. ஆனால் சொசைட்டிக்கு 100 பேர் என்றால், அவர்களின் பதிவுகளை ஒரே கோரிக்கையில் கட்டி அனுப்பலாம். மொத்தம் 1,000 கோரிக்கைதான். ஒவ்வொரு மெஷினும் ஐந்து நிமிடத்துக்குள் ஏதோ ஒரு நொடியைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால், நொடிக்கு மூன்று, நான்கு கோரிக்கையோடு முடிந்துவிடும். பதிவு வேறு, கோரிக்கை வேறு என்பதை நானும் கேள்வியில் பிரித்துச் சொல்லவில்லை. அதைத் தம்பி என்னிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.