‘ஒரு கிலோ கறி’ என்று கேட்பதில் தொடங்கும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடை வரிசையில் அடிக்கடி காதில் விழுவது இதுதான்: “பாய், ஒரு கிலோ கறி குடுங்க.” பாயும் தொடையில் கொஞ்சம், விலாவில் கொஞ்சம், கழுத்தில் கொஞ்சம் வெட்டி, இரண்டு துண்டு கொழுப்பையும் சேர்த்துப் பையில் போட்டுவிடுவார். அவர் மேல் குற்றமில்லை. முழு ஆட்டையும் விற்றால்தான் அவருக்குக் கட்டும். என்ன சமையல் என்று சொல்லாதவருக்குக் கலவைதான் கிடைக்கும். வீட்டில் அதைச் சுக்காவாக வறுக்கப் போனால், தொடைத்துண்டு வெந்து காய்ந்துபோன பிறகும் கழுத்துத்துண்டு பல்லில் இழுக்கும். உடனே “கறி சரியில்லை” என்று பழி கடைக்குப் போகிறது.

ஆடு நாள் முழுக்க எந்தத் தசையை வைத்து நடக்கிறதோ, மேய்கிறதோ, அங்கே ஜவ்வு அதிகம். கழுத்து, முன்னந்தொடை, முட்டிக்குக் கீழே உள்ள கால், நெஞ்சு எல்லாம் அப்படித்தான். இந்த ஜவ்வு தண்ணீரில் நிதானமாக வேகும்போது கரைந்து குழம்பில் இறங்கும். குழம்பு ஆறியதும் கொழகொழவென்று உறைவது இதனால்தான். ஆகவே குழம்புக்கும் சால்னாவுக்கும் கழுத்தும் நெஞ்செலும்பும் கேளுங்கள். கூடவே ஒரு நல்லி எலும்பு. பின்னந்தொடையிலும் முதுகை ஒட்டிய கறியிலும் ஜவ்வு குறைவு, சீக்கிரம் வெந்துவிடும். மிளகு வறுவல், சுக்கா, கோலா உருண்டை எல்லாம் அதில் செய்ய வேண்டியவை. பிரியாணிக்கு இரண்டும் கலந்து, முன்னந்தொடையும் விலாவுமாக, துண்டு கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். சின்னதாக வெட்டினால் தம்மில் உதிர்ந்து, எலும்புச் சில்லு சோற்றில் கலந்துவிடும்.

கடையில் சொல்லவேண்டியது இவ்வளவுதான்: “பாய், குழம்புக்கு அரைக் கிலோ, கழுத்தும் நெஞ்சும் போடுங்க. வறுக்க கால் கிலோ, பின்னந்தொடையில எலும்பில்லாம.” இப்படிக் கேட்பவரிடம் கடைக்காரர் கவனமாகத்தான் வெட்டுவார்.

கோலாவுக்குக் கொத்துக்கறி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொத்திய பிறகு கறியைக் கழுவினால் தண்ணீர் உள்ளே ஏறி, எண்ணெயில் போட்டதும் உருண்டை பிரியும். முழுத் துண்டாக இருக்கும்போதே கழுவி, ஈரம் துடைத்து, அப்புறம் கொத்தித் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே கொத்திக் குவித்து வைத்திருக்கும் கறி வேண்டாம். அதில் எந்தப் பகுதி போயிருக்கிறது, எப்போது கொத்தியது என்று பார்த்துச் சொல்லவே முடியாது.

அடுத்த தவறு, சிவப்பாக இருந்தால் புதுக்கறி என்று நம்புவது. பல கடைகளில் கறிக்கு நேர் மேலே இளஞ்சிவப்பு வெளிச்சம் தரும் விளக்கைத் தொங்கவிடுகிறார்கள். அதன் கீழே எந்தக் கறியும் அழகுதான். ஒரு துண்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். இள ஆட்டின் கறி வெளிர் சிவப்பாகவும், எலும்பு மெல்லியதாகவும், கொழுப்பு வெள்ளையாகவும் இருக்கும். முற்றிய ஆடு என்றால் கறி அடர்சிவப்பு, எலும்பு தடிமன். முற்றல் கெட்ட கறி அல்ல, குக்கரில் இரண்டு மூன்று விசில் கூடக் கேட்கும், அவ்வளவே. கெட்டதைக் கண்டுபிடிக்க நிறத்தைவிட விரலும் மூக்கும்தான் உதவும். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலெழும்ப வேண்டும். மேல்பரப்பு லேசாகக் காய்ந்திருப்பது நல்ல அடையாளம். பிசுபிசுவென்று விரலில் ஒட்டினால் வேண்டாம். வாடையை வெளிப்புறத்தில் பார்த்துப் பயனில்லை, தொடை எலும்பை ஒட்டிய இடத்தில் பாருங்கள். கறியின் உட்புறம் மெதுவாகத்தான் ஆறும் என்பதால் கெடுவது பலமுறை அங்கே தொடங்கும்.

சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும் கறியையும் சந்தேகப்படுங்கள். காயாமல் இருக்கத் தண்ணீர் தெளிக்கிறார்கள் என்பது ஒரு பக்கம். அந்தத் தண்ணீரும் தராசில் ஏறும் என்பது இன்னொரு பக்கம். மாநகராட்சி இறைச்சிக்கூடத்தில் அறுத்த ஆடு என்றால் உடலில் முத்திரை இருக்கும். தொடையில் அந்த முத்திரையைத் தேடுங்கள்.

வெள்ளாடா செம்மறியா என்ற சண்டைக்கு வாலைப் பார்ப்பதே சுலபம். பல கடைகளில் வாலை முடியோடு விட்டுவைப்பது இதற்காகத்தான். வெள்ளாட்டு வால் குட்டையாக மேல்நோக்கி இருக்கும், செம்மறி வால் கீழே தொங்கும். வால் இல்லையென்றால் கொழுப்பைப் பாருங்கள். செம்மறியில் முதுகின் மேலும் தசைக்கு இடையிலும் கொழுப்பு படர்ந்திருக்கும். வெள்ளாட்டில் அது பெரும்பாலும் வயிற்றுக்குள், சிறுநீரகத்தைச் சுற்றி நிற்கும். செம்மறி வாங்குவதில் தவறில்லை, வெள்ளாட்டு விலையில் வாங்குவதுதான் தவறு.

“இப்பத்தான் அறுத்தது, பஞ்சு மாதிரி வேகும்” என்று சொல்வார்கள். பாதிதான் சரி. அறுத்த சில மணி நேரத்தில் தசையில் இருக்கும் சக்தி தீர்ந்து, இழைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு விறைக்கும். ஆட்டில் இந்த விறைப்பு தளர ஏறக்குறைய ஒரு நாள் ஆகலாம். விடியற்காலை அறுத்து, எட்டு மணிக்கு வாங்கி, பதினொரு மணிக்கு அடுப்பில் ஏற்றும் கறி பெரும்பாலும் அந்த விறைப்பில்தான் இருக்கிறது. குழம்பென்றால் கூடுதல் நேரம் வேகவைத்துச் சமாளிக்கலாம், வறுவலுக்கு அது முடியாது. ஞாயிற்றுக்கிழமைச் சுக்காவுக்குச் சனிக்கிழமை காலையிலேயே வாங்கி, மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள், வித்தியாசம் வாயில் தெரியும். வாங்கிவந்த சூட்டோடு ஃப்ரீசரில் போடுவது பெரிய தவறு. விறைப்பு முடியும் முன்பே உறைந்த கறி, உருகும்போது சுருங்கித் தண்ணீர் விட்டு, இன்னும் கடினமாகும். சனிக்கிழமை சாயங்காலம் வாங்கலாமே என்றால், காலையிலிருந்து வெயிலில் தொங்கிய கறியாக இருக்கக்கூடாது. குளிர்ப்பெட்டி இல்லாத கடையில் மதியத்துக்கு மேல் நான் வாங்கமாட்டேன். கோழியில் விறைப்பு சில மணி நேரத்திலேயே தளர்ந்துவிடும், அதற்கு இந்த யோசனையெல்லாம் வேண்டாம்.

கோழிக்கடையில் கணக்குத்தான் ஏமாற்றும். பலகையில் உயிர்க்கோழி 140 ரூபாய், தோல் நீக்கியது 220 ரூபாய் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். உயிரோடு எடுத்தால் லாபம் என்று தோன்றும். இரண்டு கிலோ உயிர்க்கோழிக்கு 280 ரூபாய் கொடுக்கிறீர்கள். ரத்தம், இறகு, தலை, கால், குடல், தோல் எல்லாம் போக, கையில் வருவது சுமார் 1.3 கிலோ. கிலோவுக்குக் கிட்டத்தட்ட 215 ரூபாய் ஆகிவிட்டது. வித்தியாசம் ஐந்து ரூபாய்தான். உயிர்க்கோழி வாங்குவதில் உண்மையான லாபம், கண்ணெதிரே அறுக்கிறார்கள் என்பதும், ஈரலும் இரைப்பையும் உங்களுக்கே வரும் என்பதும். கொண்டை சிவந்து, கண் தெளிவாக, தானாக நிற்கும் கோழியைக் காட்டுங்கள். கூண்டின் மூலையில் கழுத்தைச் சுருக்கி உட்கார்ந்திருப்பதைத் தொடாதீர்கள்.

அறுத்து வைத்ததை வாங்கினால் இறக்கையின் நுனியையும் அடியையும் பாருங்கள். கருத்தோ பச்சை படர்ந்தோ இருந்தால், மேலே பிசுபிசுத்தால், விட்டுவிடுங்கள். தோல் மஞ்சளாக இருப்பதற்கும் புதுமைக்கும் சம்பந்தமில்லை. அது தீவனமாகவோ பூசிய மஞ்சளாகவோ இருக்கும். சிக்கன் 65க்கு நெஞ்சுக்கறியே கேட்பதும் பழக்கத்தால் வந்த தவறு. பொரித்ததும் அது சக்கையாகக் காயும், தொடையில் எலும்பு எடுத்த கறியில் சாறு நிற்கும்.

நாட்டுக்கோழி என்ற பெயரில் கலப்பினமும் விற்கிறார்கள். முட்டையிட்டு ஓய்ந்த பண்ணைக் கோழியும் சில இடங்களில் அதே பெயரில் வரும். அந்த முட்டைக்கோழி குறைந்த விலைக்குக் கிடைத்தால் சூப்புக்குத் தாராளமாக வாங்குங்கள், முற்றிய கோழியின் சாறு நன்றாகவே இருக்கும். வறுவலுக்கு வேண்டாம்.

கடைசியாக ஒரு பட்ஜெட் போட்டுப் பார்ப்போம். ஐந்து பேர் வீடு, கையில் 700 ரூபாய், மட்டன் கிலோ 900. வழக்கம்போல 700 ரூபாய்க்கும் மட்டனே வாங்கினால் சுமார் 780 கிராம் வரும். அதில் கால் பங்குக்கு மேல் எலும்பு. குழம்பு வைத்த பிறகு வறுக்க எதுவும் மிஞ்சாது. பதிலாகக் கழுத்தும் நெஞ்சும் அரைக் கிலோ 450 ரூபாய்க்குக் குழம்புக்கு, தோல் நீக்கிய கோழி ஒரு கிலோ 220 ரூபாய்க்கு வறுவலுக்கு. மொத்தம் 670. குழம்பில் மட்டன் ருசி குறையாது, அது எலும்பிலிருந்தும் ஜவ்விலிருந்தும் வருவதுதானே.

எலும்பில்லாத மட்டன் விலை கேட்டு மலைப்பவர்களும் இதே கணக்கைப் போடலாம். கிலோவில் சுமார் 280 கிராம் எலும்பு என்றால், 900 ரூபாய்க்குச் சதை 720 கிராம். அதாவது சதை மட்டும் கிலோ 1,250 ரூபாய். எலும்பில்லாத கறியை 1,150க்குக் கொடுக்கிறார் என்றால் வறுவலுக்கு அதுவே மலிவு. அதே 1,150ஐக் குழம்புக்குக் கொடுத்தால், காசும் போகும், எலும்பின் ருசியும் இருக்காது.

ஈரல் சேர்த்து வாங்குவதாக இருந்தால் முழுசாகப் பார்த்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். வழவழவென்று பளபளப்பாக, விளிம்பு கூராக இருக்க வேண்டும். வெள்ளைப் புள்ளியோ நீர்க்கட்டியோ தெரிந்தால் வேறு ஈரல் கேளுங்கள். பச்சையாகப் பித்தம் பட்ட இடம் இருந்தால் அதை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு எடை போடச் சொல்லலாம். விட்டால் வறுவல் முழுக்கக் கசக்கும்.