ஹோஸ்டிங் முடங்கிய காலையில் செய்யக்கூடாதவை

மே மாதம், ஏற்காட்டில் கூட்டம் நிரம்பும் நேரம். நான் இணையதளம் பார்த்துக்கொடுக்கும் ஒரு சிறிய விடுதியின் உரிமையாளர் காலையிலேயே அழைத்தார். "தம்பி, மெயிலைத் திறந்தால் கடவுச்சொல் தவறு என்கிறது. பத்து முறை போட்டுப் பார்த்துவிட்டேன்."

தளத்தைத் திறந்தேன். விடுதியின் படங்கள் இல்லை. முகவரிப் பட்டியில் `suspendedpage.cgi` என்று இருந்தது. கடவுச்சொல்லில் எந்தத் தவறும் இல்லை. தளத்தைத் தன் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் பில் கட்டாததால், அவர்கள் கணக்கையே நிறுத்தியிருந்தார்கள். தளமும் மின்னஞ்சலும் ஒரே கணக்கில் இருந்ததால் இரண்டும் சேர்ந்து படுத்துவிட்டன. டொமைன் காலாவதியாகியிருந்தால் இந்தப் பக்கம்கூட வந்திருக்காது.

திரும்பத் திரும்பக் கடவுச்சொல் போடுவதுதான் முதல் தவறு. யாரோ திருட முயல்வதாக நினைத்து, சர்வரின் பாதுகாப்பு அமைப்பு உங்கள் இணைய இணைப்பையே தடுத்துவிடலாம். பணம் கட்டிய பிறகு கைப்பேசி டேட்டாவில் தளம் திறக்கிறது, அலுவலக பிராட்பேண்டில் மட்டும் திறக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்த இணைப்பின் ஐபி எண்ணை ஹோஸ்டிங் நிறுவனத்திடம் சொல்லி, தடையை நீக்கச் சொல்ல வேண்டும். அவுட்லுக்கில் மெயில் கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பதும் வேண்டாம். கணினியில் இருக்கும் பழைய கடிதங்களின் நகலும் அதோடு போய்விடலாம், அதுவும் மிகத் தேவைப்படும் நேரத்தில்.

அவசரத்தில் வேறு நிறுவனத்துக்கு மாறாதீர்கள். பழைய கடிதங்கள் பழைய சர்வரிலேயே கிடக்கும். பாக்கியைக் கட்டாமல் அவற்றை எடுக்க முடியாது.

பில் கட்டும் வாடிக்கையாளர் பக்கம் தனி. ஹோஸ்டிங் நின்றாலும் அது பொதுவாக வேலை செய்யும். ஆனால் இவருக்கு அந்தக் கடவுச்சொல் நினைவில் இல்லை. புதியது கேட்டால், அது முடங்கிக் கிடக்கும் அதே விடுதி முகவரிக்குத்தான் போகிறது! பில் நினைவூட்டல்களும் அங்கேதான் வந்திருந்தன. வரவேற்பில் இருந்த பையன் விளம்பரம் என்று ஒதுக்கிவிட்டான். கடைசியில் அடையாளச் சான்று அனுப்பி, தொலைபேசியில் பேசித்தான் உள்ளே போக முடிந்தது. அரை நாள் போயிற்று.

யுபிஐ மூலம் கட்டினால் பெரும்பாலும் தானாகவே திறந்துவிடும். வங்கிப் பரிமாற்றம் என்றால் பில் எண்ணைக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் யார் பணம் என்று ஒருவர் தேடிச் சேர்க்கும்வரை காத்திருக்க வேண்டும்.

முடங்கிய நேரத்தில் வந்த கடிதங்கள் என்ன ஆயின என்று ஹோஸ்டிங் நிறுவனத்திடம் அவசியம் கேளுங்கள். 'இப்போது ஏற்க இயலாது' என்று சர்வர் சொல்லியிருந்தால், அனுப்பியவரின் சர்வர் வழக்கமாக நான்கைந்து நாள் விடாமல் முயலும். கடிதம் வந்து சேரும். அடியோடு மறுத்திருந்தால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போயிருக்கும், இனி வராது. எங்களுக்கு இரண்டாவதுதான் நடந்தது. முன்பதிவுப் பேரேட்டில் இருந்த எண்களுக்கு ஒவ்வொன்றாக அழைத்தோம். பிறகு பில் தொடர்புக்கு அவருடைய மகளின் ஜிமெயில் முகவரியைக் கொடுத்தோம்.