மூணு மாசம் சும்மா கிடக்கப் போற காச லிக்விட் ஃபண்டுல போட்டு எடுக்கறது எப்படி?

கையில 3 லட்சம் இருக்கு, 90 நாள் கழிச்சு காலேஜ் ஃபீஸ் கட்டணும்னு வச்சுக்கோங்க. ஷேர்ல போட முடியாது, எஃப்டி போட்டா நடுவுல அவசரம்னு உடைக்கும்போது வட்டியில கொஞ்சம் புடிச்சுப்பாங்க, சேவிங்ஸ் அக்கவுண்ட்லயே விட்டா 2.5 சதவீதம்தான் வரும். இந்த மாதிரி தேதி வச்ச காசுக்குத்தான் லிக்விட் ஃபண்ட் சரியா வரும். போடறதுல இருந்து எடுக்கற வரைக்கும் வரிசையா சொல்றேன்.

மொதல்ல உங்க காசு எங்க போகுதுன்னு பாத்துடுங்க

லிக்விட் ஃபண்ட்ங்கறது ஒரு வகை மியூச்சுவல் ஃபண்ட். அது 91 நாளுக்குள்ள முடியற கடன் பத்திரங்கள மட்டும்தான் வாங்கலாம், இது செபி போட்ட விதி. கவர்மெண்ட் வெளியிடற டிரெஷரி பில், பேங்குங்க வெளியிடற சர்டிஃபிகேட் ஆஃப் டெபாசிட், கம்பெனிங்க வெளியிடற கமர்ஷியல் பேப்பர், பெரும்பாலும் இந்த மூணுதான். இதுக்கெல்லாம் தனியா வட்டின்னு எதுவும் கொடுக்க மாட்டாங்க, 100 ரூபா பேப்பர இன்னைக்கு 98 ரூபா 40 பைசாவுக்கு வாங்கினா 91 நாள் கழிச்சு முழுசா 100 கைக்கு வரும், அந்த 1 ரூபா 60 பைசாதான் வருஷத்துக்கு 6.5 சதவீதம்ங்கற கணக்கு. இந்த ஏத்தம் ஃபண்டோட என்ஏவியில, அதாவது ஒரு யூனிட்டோட விலையில, தினமும் துளித்துளியா சேரும், சனி ஞாயிறும் சேத்துதான்.

ரிஸ்க் ஏன் கம்மின்னும் இதுலயே புரியும். நீங்க வாங்கின மறுநாளே மார்க்கெட்ல வட்டி 6.5ல இருந்து 7.5 ஆயிடுச்சுன்னாலும் அந்த பேப்பரோட விலை கிட்டத்தட்ட 24 பைசாதான் இறங்கும், ரெண்டு வாரம் விட்டா தினசரி சேர்றதுலயே அது திரும்பிடும். இதே மாதிரி இன்னொரு வகையான மணி மார்க்கெட் ஃபண்ட்ல ஒரு வருஷம் வரைக்கும் உள்ள பேப்பர் வாங்கலாம், அதனால அதே வட்டி ஏத்தத்துக்கு அங்க அடி இன்னும் பெருசா இருக்கும், திரும்பி வரவும் நேரம் எடுக்கும். என் கணக்குல மூணு மாசத்துக்குள்ள வேணும்னா லிக்விட், ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம்னா மணி மார்க்கெட்.

ஃபண்ட் பாத்து எடுக்கறது

இங்கதான் நிறைய பேர் போன வருஷம் எது கூட குடுத்துச்சுன்னு பாத்து ஒண்ண எடுத்துடறாங்க, அத பண்ணாதீங்க. லிக்விட் ஃபண்டுங்க எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி பேப்பர்தான் வாங்குது, அதுல ஒண்ணு மட்டும் மத்தத விட அர சதவீதம் கூட குடுக்குதுன்னா தரம் கொறஞ்ச கம்பெனி பேப்பர் எங்கயோ உள்ள இருக்குன்னு அர்த்தம். ஃபண்ட் கம்பெனி வெப்சைட்ல போர்ட்ஃபோலியோ லிஸ்ட் இருக்கும், அத திறந்து ரேட்டிங் காலம பாருங்க. கவர்மெண்ட் பேப்பரும், குறுகிய காலக் கடனுக்கு உச்ச ரேட்டிங்கான A1+ உம்தான் இருக்கணும், ஒரே கம்பெனி பேரு பெரிய பங்கு புடிச்சிருக்கக் கூடாது.

பேப்பர் வெளியிட்டவங்க திருப்பிக் கட்டலைன்னா என்ன ஆகும்னு தெரிஞ்சாத்தான் இந்த வேலை எதுக்குன்னு புரியும். 2017 பிப்ரவரியில பல்லார்பூர் இண்டஸ்ட்ரீஸோட கமர்ஷியல் பேப்பர் ரேட்டிங் அதலபாதாளத்துக்குப் போச்சு, அத வச்சிருந்த டாரஸ் லிக்விட் ஃபண்டோட என்ஏவி ஒரே நாள்ல சுமார் 7 சதவீதம் இறங்கிச்சு. ஒரு வருஷத்துக்கு மேல சேர வேண்டியது ஒரு ராத்திரியில போச்சு. பேங்க் டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்கு, ஃபண்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. அதனால பெரிய சைஸ் ஃபண்ட், நல்ல பேப்பர், ஏஜெண்ட் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான், லாபம் உள்ளயே சேர்ற குரோத் ஆப்ஷன், இது போதும்.

போடறது

கேஒய்சி முடிஞ்சிருக்கணும், அதுக்கு பேனும் ஆதாரும் பேங்க் அக்கவுண்ட்டும் போதும். 3 லட்சத்த நெட் பேங்கிங்ல அனுப்புங்க. 15 ரூபா ஸ்டாம்ப் டியூட்டி புடிப்பாங்க, 0.005 சதவீதம்தான்.

நேரம்தான் இங்க முக்கியம். மதியம் 1:30க்குள்ள காசு ஃபண்டோட அக்கவுண்ட்ல போய் சேந்துட்டா முந்தின நாள் என்ஏவி கிடைக்கும், அதாவது அன்னைக்கே உங்க காசு வேலை செய்ய ஆரம்பிச்சுடும். நீங்க பட்டன் அமுக்கின நேரம் கணக்கு இல்ல, காசு போய் சேந்த நேரம்தான், ஆப் வழியா போட்டா நடுவுல க்ளியரிங்ல தங்கி லேட் ஆகலாம், அதனால காலையில 10 மணிக்குள்ள முடிச்சுடுங்க. வெள்ளிக்கிழமை இது ரொம்பவே முக்கியம். 1:30க்குள்ள போய் சேந்தா வியாழக்கிழமை என்ஏவி, தாண்டிட்டா ஞாயித்துக்கிழமை என்ஏவி, அப்ப வெள்ளி சனி ஞாயிறு மூணு நாள் ஏத்தம் போயிடும். 3 லட்சத்துக்கு 6.5 சதவீதத்துல ஒரு நாளைக்கு 53 ரூபா, மூணு நாளைக்கு 160 ரூபா.

எடுக்கறது

மொத ஆறு நாளுக்குள்ள எடுத்தா சின்னதா எக்ஸிட் லோட்னு ஒரு கட்டணம் உண்டு, மொத நாள் 0.0070 சதவீதம், தினமும் கொறஞ்சுகிட்டே வந்து ஏழாவது நாள்ல இருந்து ஒண்ணும் இல்ல. 3 லட்சத்துக்கு மூணாவது நாள் எடுத்தா 18 ரூபா, பயப்படற அளவுக்கு இல்ல.

மதியம் 3 மணிக்குள்ள ரெடம்ப்ஷன் குடுத்தா அடுத்த வேலை நாள் காசு பேங்க்ல வந்துடும். வெள்ளிக்கிழமை குடுத்தா திங்கக்கிழமைதான் வரும், ஆனா சனி ஞாயிறு ஏத்தமும் சேத்தே கிடைக்கும். ஃபீஸ் கடைசி தேதி திங்கக்கிழமைன்னா வெள்ளிக்கிழமை குடுக்காதீங்க, நடுவுல ஒரு பேங்க் லீவு வந்தாலே மாட்டிக்குவீங்க, புதன்கிழமையே குடுத்துடுங்க. காசு ஃபோலியோவுல பதிஞ்சிருக்கற அக்கவுண்ட்டுக்கு மட்டும்தான் வரும், பழைய அக்கவுண்ட்ட மூடிட்டீங்கன்னா மொதல்ல அத மாத்துங்க.

சில ஃபண்டுல உடனே எடுக்கற வசதி இருக்கு, ராத்திரி 11 மணிக்குக் கூட சில நிமிஷத்துல வந்துடும். ஆனா ஒரு நாளைக்கு 50,000 ரூபா இல்லனா உங்க பேலன்ஸ்ல 90 சதவீதம், எது கம்மியோ அவ்வளவுதான். ஆஸ்பத்திரி அட்வான்ஸ் மாதிரி அவசரத்துக்கு இது உதவும், முழு 3 லட்சத்துக்கு இத நம்பாதீங்க. மணி மார்க்கெட் ஃபண்ட்ல இந்த வசதி கிடையாது.

கடைசியா வரி

90 நாள்ல 6.5 சதவீதம்னு வச்சா சுமார் 4,800 ரூபா சேந்திருக்கும், சேவிங்ஸ்ல விட்டிருந்தா 1,850. 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வாங்கினதுக்கு லாபம் முழுசும் உங்க வருமானத்தோட சேந்து உங்க ஸ்லாப் படி வரி, எத்தன வருஷம் வச்சிருந்தாலும் இதேதான். 20 சதவீத ஸ்லாப்ல இருந்தா செஸ்ஸோட சேத்து சுமார் 1,000 ரூபா போகும், மீதி 3,800. இந்தியாவுல குடியிருக்கறவங்களுக்கு டிடிஎஸ் புடிக்க மாட்டாங்க, அதனால யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க, ரிட்டர்ன் போடும்போது கேபிடல் கெயின்ஸ் ஸ்டேட்மெண்ட்ட ஃபண்ட் சைட்ல டவுன்லோட் பண்ணி நீங்களே காட்டணும்.