லாரி மைலேஜ் ஜெர்மனிக்குப் போகும்போது: விளக்கக்காட்சியை மாற்றி எழுதுகையில் நேரும் தவறுகள்

லாரி உரிமையாளர்களுக்கு டீசலை மிச்சப்படுத்தித் தரும் மென்பொருளுக்காகச் சென்னையில் தயாரித்த விளக்கக்காட்சியை, ஒரு ஜெர்மானியப் போக்குவரத்து நிறுவனத்தின் முன் வைக்க வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். பலரும் ரூபாயை யூரோவாக மாற்றியதும் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். ஆனால் பெரிய தவறு நேர்வது மைலேஜ் ஸ்லைடில்தான்.

நம் ஊரில் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 5 கிலோமீட்டர் கொடுத்தால், '25 சதவீதம் கூடுதல் மைலேஜ்' என்று தலைப்பிடுவோம். ஜெர்மனியில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்றே கணக்கிடுவார்கள். அதன்படி 25 லிட்டர் 20 லிட்டராகக் குறைகிறது, அதாவது சேமிப்பு 20 சதவீதம். இரண்டு கணக்குமே சரிதான். எண்களை மாற்றிவிட்டுத் தலைப்பில் 25 சதவீதத்தை அப்படியே விட்டால்தான், மிகைப்படுத்துகிறார்கள் என்று எதிரில் இருப்பவர் முடிவுகட்டிவிடுவார். வரைபடமும் தலைகீழாகிறது: உயர்ந்தால் நல்லது என்றிருந்த பட்டைகள் இப்போது தாழ்ந்தால்தான் நல்லது. ஒவ்வொரு தலைப்பில் உள்ள சதவீதத்தையும் அதே ஸ்லைடின் எண்களைக் கொண்டு மறுபடி கணக்கிட்டுப் பார்த்தால் இந்தப் பிழை அகப்பட்டுவிடும்.

சேமிப்புத் தொகையை நாணய மாற்று விகிதத்தால் மாற்றுவது அடுத்த தவறு. ரூபாய்க் கணக்கு நம் ஊர் டீசல் விலையில் போட்டது. ஆகவே லிட்டரிலிருந்தே தொடங்க வேண்டும். ஆண்டுக்கு 1,00,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி 5,000 லிட்டர் மிச்சப்படுத்துகிறது. அதை ஜெர்மனியின் டீசல் விலையால், அதுவும் நிறுவனங்கள் திரும்பப் பெறும் மதிப்புக்கூட்டு வரியைக் கழித்த விலையால், பெருக்க வேண்டும். எழுதும் முறையையும் கவனிக்க வேண்டும்: நம் 1,00,000 அங்கே எழுத்துப்பிழை போலத் தெரியும், ஜெர்மானிய வழக்கில் காற்புள்ளி தசமத்தைக் குறிப்பதால், ஐந்தாயிரம் என்பது 5.000 என்றே எழுதப்படும்.

சில ஸ்லைடுகளுக்கு மாற்று தேடுவதே வீண். சுங்கச்சாவடியில் காத்திருக்கும் நேரத்தையும் ஃபாஸ்டேக்கையும் காட்டும் ஸ்லைடு அத்தகையது. 2005 முதல் ஜெர்மனியில் லாரிகளுக்கான சுங்கம் ஓடும் தூரத்துக்கேற்ப, பெரும்பாலும் வண்டியிலுள்ள கருவியின் மூலமே கணக்கிடப்படுகிறது. சாவடியில் நிற்கும் வேலையே இல்லை. அந்த ஸ்லைடை எடுத்துவிடலாம். ஓட்டுநர்களைப் பெயர் சொல்லித் தரவரிசைப்படுத்தும் ஸ்லைடு இன்னும் ஆபத்தானது. அங்கே ஊழியர்களைக் கண்காணிக்கும் கருவிகளைப் புகுத்த, ஊழியர்களே தேர்ந்தெடுக்கும் ஊழியர் மன்றம் உள்ள நிறுவனங்களில் அதன் ஒப்புதல் தேவை.

சென்னை–பெங்களூரு என்றிருந்த இடத்தில் ஹாம்பர்க்–மியூனிக் என்று எழுதி, பழைய எண்களையே வைத்துக்கொள்வதை மட்டும் யாரும் உள்ளூர்மயமாக்கல் என்று சொல்ல வேண்டாம், அது பொய்க்கணக்கு. சாலை, வேகம், சுமை எல்லாமே வேறாக இருப்பதால், 'இந்தியச் சாலைகளில் அளந்தது' என்று குறிப்பிட்டு, சென்னையின் பெயரை அங்கேயே விட்டுவைப்பதுதான் சரி.