கடலூரிலிருந்து முதல் மலைப்பயணம்: ஏற்காட்டை எண்ணிப் பாருங்கள்

குறைந்த செலவில் குடும்பத்துடன் முதன்முறையாக மலைக்குச் செல்ல விரும்பும் கடலூர்க்காரர்கள், உதகைக்கு முன்பாக ஏற்காட்டை எண்ணிப் பார்க்கலாம். விருத்தாசலம், ஆத்தூர் வழியாகச் சேலம் சென்று, அங்கிருந்து அரசுப் பேருந்தில் ஏறினால் சுமார் 30 கிலோமீட்டரில் ஊர் வந்துவிடும் என்பதால், தனி வண்டி வாடகை மிச்சமாகும்.

ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 6 டிகிரி வெப்பம் குறையும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காடு, சேலத்தைவிட ஏறத்தாழ 1,200 மீட்டர் மேலே இருப்பதால், அங்கு ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். நண்பகல் வெயில் உறைக்கத்தான் செய்யும், மாலைக் குளிர்தான் உண்மையான சுகம். ஆகவே காலையில் போய் மாலையில் இறங்கிவிடாமல், ஓர் இரவாவது தங்குவதே நல்லது.

செலவைக் கூட்டுவது அறை வாடகைதான். மே மாதத்தில் நடைபெறும் கோடை விழா நாட்களையும் சனி, ஞாயிறையும் தவிர்த்து, திங்களன்று சென்று புதனன்று திரும்பும்படி முன்பதிவு செய்தால், அதே அறை பெரும்பாலும் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். வெந்நீர் எந்த நேரத்தில் வரும், கூடுதல் படுக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை முன்பணம் அனுப்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. குழந்தைகளுக்குச் சேலத்தில் வயிறு நிறையப் பூரி வாங்கிக் கொடுக்காமல், இரண்டு இட்லியோடு நிறுத்தி, பேருந்தின் முன்பகுதியில் அமர வையுங்கள்.